பெகு குடும்பப் படமும், அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதமும்

இறந்துபோனவர்களையும் ஊரை விட்டுப் போனவர்களையும் ஒரே படத்தில் சேர்த்துத் தரும் வேலை ரங்கூனில் எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் உண்டு. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்று ஆகிவிட்டது. எல்லோரும் ஒன்றாக நின்று எடுத்துக்கொண்ட படம் பல வீடுகளில் இல்லை. திதி வந்தாலோ, வீட்டில் ஒரு விசேஷம் என்றாலோ, பெட்டியில் இருக்கிற படங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். இந்த வேலையில் வெட்டுவதும் ஒட்டுவதும் ஓரளவு பழகிவிடும். திருத்தம்தான் ஆளைத் தின்றுவிடும். எத்தனை முறை திருத்தலாம், எது திருத்தம், எது புதிய வேலை, யார் சொன்னால் செய்ய வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை. இதே வேலையை எடுக்கப்போகிறவர்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இப்போது நான் அனுப்புகிற கடிதத்தையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

பெகுவிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். அப்பாவின் தலைத் திவசத்துக்குள் படம் சுவரில் இருக்க வேண்டும் என்றார். தாத்தா, அப்பாயி, அப்பா, அம்மா, பிள்ளைகள் மூவர், ஆக ஏழு பேர். அளவு 16க்கு 20 அங்குலம். பிரிண்ட், பிரேம் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் கியாட் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தார். இங்கே எல்லாமே வாய்ப்பேச்சுதான். "பார்த்து நல்லா பண்ணிக் கொடுங்க தம்பி" என்றார், நானும் "சரிண்ணே" என்றேன்.

தாத்தாவுக்கு இருந்த ஒரே படம் அவருடைய எஃப்.ஆர்.சி. புத்தகத்தில் ஒட்டியிருந்தது. வெளிநாட்டவர் என்று பதிந்துகொண்டவர்களுக்குக் கொடுத்த அந்தப் புத்தகம் பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். அதில் ஒட்டிய படத்தில் முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஊதா நிற முத்திரை ஒன்று தோளிலிருந்து தாடை வரை ஏறியிருந்தது. அப்பாயி ஒரு கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் படம் சாப்பாட்டு மேசையில் மகள் கைப்பேசியில் எடுத்தது, மார்புக்கு மேலே மட்டும். அம்மா கன்னத்தில் தனாக்கா, அதாவது இங்கே பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து, பூசியபடி வாசலில் நிற்கிற படம். சென்னையில் இருக்கிற தங்கையும் பினாங்கில் இருக்கிற தம்பியும் வைபரில் அனுப்பினார்கள். வைபரில் படமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். ஃபைலாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினேன்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாடிக்கையாளரிடம் முதலில் விளக்க வேண்டியது இதுதான். 16க்கு 20 தாளில் ஏழு பேர் என்றால் ஒரு தலை ஏறத்தாழ இரண்டு அங்குல உயரம் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் தலைக்கு 600 புள்ளி வேண்டும். தாத்தாவின் முகம் இரண்டு சென்டிமீட்டர்தான். அதை 1200இல் ஸ்கேன் செய்தால் தொள்ளாயிரத்துக்கு மேல் புள்ளி கிடைக்கும், எண்ணிக்கையில் போதும். ஆனால் அந்தப் பழைய தாளுக்குள் அவ்வளவு விவரம் கிடையாது. கூடுதலாகக் கிடைப்பது தாளின் சொரசொரப்பும் முத்திரை மையும்தான். கண் இமையை, நெற்றிக் கோட்டை அதிலிருந்து வரவழைக்க முடியாது. வரவழைத்தால் அது நான் வரைந்தது, தாத்தாவுடையது ஆகாது. 12க்கு 15 போதும் என்று சொல்லிப் பார்த்தேன். சுவர் பெரிது என்றார் அண்ணன்.

ஆட்களை எங்கே உட்கார வைப்பது, எங்கே நிறுத்துவது என்று ஒரு மாதிரி செய்து அனுப்பினேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. அதை நம்பி நிழல், நிறம் என்று உள்ளே போனேன். எல்லாம் முடிகிற நேரத்தில்தான் அண்ணன் அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். மறுநாள் காலையில் என் போனில் நான் முன்பின் பேசியிராத எண்களிலிருந்து செய்திகள். தங்கை அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். தம்பி, அப்பா உட்காரக்கூடாது, பின்னால் நின்று நாற்காலியில் கை வைத்திருக்க வேண்டும் என்றார். அண்ணி, அம்மா கன்னத்துத் தனாக்காவை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு "நான் என்ன சீக்காளியா?" என்று கேட்டாராம். மறுபடி பூசினேன்.

ஒருவரை இரண்டு அங்குலம் தள்ளி வைப்பது பார்ப்பவருக்குச் சின்ன வேலைதான். மாதிரி நிலையில் உண்மையிலேயே அது சின்ன வேலை, பத்து நிமிடம் போதும். நிறம் சேர்த்த பிறகு அப்படியில்லை. அப்பாவுக்கு மார்புக்குக் கீழே உடம்பே கிடையாது, வேறொருவரின் உட்கார்ந்த உடம்பில் லுங்கியோடு சேர்த்திருந்தேன். நிற்க வைக்க வேண்டுமென்றால் புது உடம்பு தேட வேண்டும், கழுத்தைப் புதிதாகப் பொருத்த வேண்டும், நாற்காலியில் கை வைக்க வேறொரு கை வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தபோது தம்பியின் சட்டையில் விழுந்த நிழலை அழிக்க வேண்டும். அவரால் மறைந்திருந்த அம்மாவின் சேலை மடிப்பை இல்லாத இடத்தில் உண்டாக்க வேண்டும். வெளிச்சம் வேறு இருக்கிறது. அப்பா முகத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது, மற்றவர்களுக்கெல்லாம் வலப்பக்கம். ஓரத்தில் இருந்தவரை நடுவுக்குக் கொண்டுவந்ததும் அது பளிச்சென்று தெரிந்தது. முகத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் சரியாகும். திருப்பினேன். கன்னத்து மச்சம் மறுபக்கம் போனது, வகிடு மாறியது. சென்னைத் தங்கை ஒரே பார்வையில் "இது அப்பா இல்லை" என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான். மச்சத்தை மட்டும் இடம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது, வீட்டாருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அதைவிட என்னை உலுக்கியது அடுத்த கேள்வி. அப்பா கொஞ்சம் சிரித்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். உதட்டு ஓரத்தை மேலே இழுப்பது கணினியில் எளிது. ஆனால் சிரித்தால் கன்னம் ஏறும், கீழ் இமை சுருங்கும், கண்ணோரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகக் கோடு விழும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, சிரிக்கிற படம் ஒன்றும் என்னிடம் தரப்படவில்லை. கேட்டார்களே என்று செய்து அனுப்பினேன். அதை அம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் போனைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார் என்று அண்ணன் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பணத்துக்காக ஒரு வீட்டின் துக்கத்தில் கை வைத்துவிட்டதுபோல மனசு கனத்தது.

அப்புறம் நிறம். ஒருவர் இருட்டாக இருக்கிறது என்பார், இன்னொருவர் வெளுத்திருக்கிறது என்பார். ஒரே படம், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு வெளிச்ச அளவு. கரண்ட் போனால் போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் முடியவில்லை. பெரிய பிரிண்ட் போடப்போகிற அதே லேபில் 6க்கு 8 அளவில் ஒன்று போட்டு பெகுவுக்கு பஸ்ஸில் அனுப்பினேன். நிறத்தைப் பற்றி அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. அந்தச் சின்னப் பிரிண்டின் செலவு எனக்குப் பெரிதில்லை. முதலிலேயே அனுப்பியிருந்தால் ஒரு வாரச் சண்டை மிச்சம்.

திவசத்துக்கு முந்தின நாள் படம் வீடு சேர்ந்தது. மீதிப் பணம் வந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடுதலாகச் செய்த வேலைக்கு ஒரு கியாட்கூடக் கேட்க என்னிடம் ஆதாரம் இல்லை. எதைக் காட்டிக் கேட்பது? இதில் மாட்டிக்கொண்டிருந்ததால் ஆறு லட்சத்துக்கு வந்த ஒரு கல்யாண ஆல்பத்தை வேறு ஸ்டுடியோவுக்கு விட்டுக்கொடுத்தேன். இன்வெர்ட்டர் பேட்டரியும் அந்த மாதத்தில்தான் படுத்தது, கரண்ட் இல்லாத நேரமெல்லாம் அதில்தானே ஓட்டினேன். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. எதுவரை கேட்கலாம் என்று யாரும் சொல்லாதபோது, அப்பாவுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது இந்தக் கடிதம். முன்பணம் வாங்குவதற்கு முன் கொடுத்துவிடுகிறேன். வாங்கிய பிறகு கொடுத்தால் அது மிரட்டல்போலத் தெரியும்.

"மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் குடும்பப் படத்தை என்னிடம் ஒப்படைத்ததற்கு நன்றி. வேலை எப்படி நடக்கும், எத்தனை முறை மாற்றலாம், எது என்னால் முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படித்து, வீட்டில் எல்லோரிடமும் காட்டி, சம்மதம் என்றால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதன் பிறகு முன்பணம் வாங்கிக்கொள்கிறேன்.

வேலை மூன்று படியாக நடக்கும். முதல் படியில் நீங்கள் தந்த படங்களைப் பார்த்து, யாருடைய எந்தப் படத்தை எடுக்கப்போகிறேன், எந்த அளவு வரை பெரிதாக்கலாம் என்று எழுதி அனுப்புவேன். இருக்கிறதிலேயே சின்னப் படம் எதுவோ, அதுதான் மொத்தப் படத்தின் அளவை முடிவு செய்யும். இரண்டாம் படியில் யார் எங்கே உட்காருகிறார், நிற்கிறார், யார் எவ்வளவு உயரம் என்று கறுப்பு வெள்ளையில் ஒரு மாதிரி வரும். ஒட்டியது ஒட்டியபடி தெரியும், அழகாக இருக்காது. இடத்தைப் பற்றி மட்டும் பாருங்கள். மூன்றாம் படியில் உடை, நிழல், நிறம் எல்லாம் சேர்ந்த படம் வரும்.

இரண்டாம் படியில் ஒரு சுற்றுத் திருத்தம், மூன்றாம் படியில் ஒரு சுற்றுத் திருத்தம், பேசிய விலைக்குள் அடங்கும். ஒரு சுற்று என்றால் ஒரே ஆள் ஒரே செய்தியில் அனுப்பும் ஒரு பட்டியல். பட்டியலில் எத்தனை வரி இருந்தாலும் சரி, ஒரு சுற்றுதான். வீட்டில் எல்லோரும் பார்த்து, பேசி, ஒத்துப்போன பிறகு அனுப்புங்கள். உங்கள் குடும்பத்தின் சார்பில் பேசுபவர் யார் என்று இப்போதே ஒரு பெயர் சொல்லுங்கள். மற்றவர்கள் எனக்கு எழுதினால் அவரிடமே திருப்பி அனுப்புவேன், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

என் கையில் நேர்ந்த பிழை சுற்றில் சேராது. நீங்கள் தந்த படத்தில் இருக்கிற மச்சம் நான் செய்ததில் இல்லையென்றால், விரல் குறைந்தால், பொட்டு இடம் மாறினால் எப்போது சொன்னாலும் பணமில்லாமல் சரிசெய்வேன். இரண்டு சுற்றுக்கு மேல் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 40,000 கியாட். இரண்டாம் படிக்கு நீங்கள் சம்மதம் சொன்ன பிறகு ஆளைச் சேர்ப்பது, எடுப்பது, இடம் மாற்றுவது, உட்கார்ந்தவரை நிற்க வைப்பது, ஒருவருக்கு வேறு படம் தருவது ஆகியவை திருத்தம் ஆகாது, புதிய வேலை. ஓர் ஆளுக்கு 50,000 கியாட். தொடங்கும் முன் தொகையைச் சொல்லி, நீங்கள் சரி என்றால்தான் செய்வேன்.

சிலவற்றை எத்தனை சுற்று ஆனாலும் செய்ய மாட்டேன். தந்த படத்தில் இல்லாத சிரிப்பையோ பார்வையையோ இறந்தவர் முகத்தில் உண்டாக்க மாட்டேன். சிரிக்கும் படம் வேண்டுமென்றால் அவர் சிரிக்கும் படம் ஒன்று தாருங்கள். முகத்தை இடம் வலமாகத் திருப்ப மாட்டேன். உயிரோடு இருக்கிற ஒருவரைப் படத்திலிருந்து நீக்க வேண்டுமென்றால் அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவரின் தோல் நிறமும் சேலை நிறமும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான். சொல்லாவிட்டால் நான் நினைத்த நிறம் வரும்.

நிறத்தைப் போனில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்றாம் படியில் 6க்கு 8 அளவில் ஒரு பிரிண்ட் உங்கள் வீட்டுக்கு வரும், அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் பதில் சொல்ல ஏழு நாள். பதில் வராவிட்டால் வேலை நிற்கும், சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நின்ற நாட்கள் கடைசித் தேதியில் கூடும். பெரிய பிரிண்டுக்கும் பிரேமுக்கும் சேர்த்து எனக்கு ஐந்து நாள் வேண்டும், ஆகவே விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பு கடைசிச் சம்மதம் கிடைத்தாக வேண்டும். நடுவில் வேண்டாம் என்று நினைத்தால், முதல் படியில் முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தருவேன். இரண்டாம் படி முடிந்திருந்தால் திருப்ப முடியாது. அன்புடன்."

கடிதத்தில் ஒவ்வொரு வரியும் பெகுப் படத்திலிருந்து வந்ததுதான். இரண்டைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மாதிரியை வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் அனுப்புகிறேன். நிறத்தில் அனுப்பினால் எல்லோரும் சேலையின் நிறத்தைப் பேசுவார்கள், யார் எங்கே நிற்கிறார் என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். இடம் பற்றிய பேச்சு அப்புறம் கடைசியில் வரும், அப்போது மாற்றுவதுதான் ஆளைக் கொல்லும். இன்னொன்று, பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை என்ற வரி. அப்படி எடுத்துக்கொள்ளலாமே என்று தொழிலில் இருக்கிற ஒருவர் சொன்னார். இங்கே நாள் கணக்கில் இணையம் இல்லாமல் போகிற ஊர்களிலிருந்து ஆர்டர் வருகிறது. பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதைச் சம்மதமாக்கினால் நாளை சண்டை வரும், அதில் நான்தான் தோற்பேன்.

கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் "படம் பண்ண வந்தா பத்திரம் எழுதச் சொல்றீங்களே" என்று போய்விட்டார். போகட்டும். அடுத்து மோல்மேனிலிருந்து ஓர் அக்கா, ஐந்து பேர் படத்துக்கு. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, தன் அம்மாவுக்குப் போனில் கண் தெரியாது, மாதிரியையும் தாளில் தர முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாதாரணத் தாளில் எடுத்து அனுப்பினேன். இப்போது எல்லோருக்கும் அப்படித்தான்.

மூன்றாம் படியில் அந்த அக்காவின் பட்டியல் பதினொரு வரிகளோடு வந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். அம்மாவின் மூக்குத்தி மங்கலாக இருக்கிறது, இது என் பிழை, இலவசம். தம்பியின் சட்டை கொஞ்சம் கறுத்திருக்கிறது, சுற்றில் அடங்கும். பெரியப்பாவைச் சேர்க்க வேண்டும், புதிய வேலை, 50,000. அப்பாவின் கைப்பேசிப் படத்தில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அதைச் சின்னதாக்க வேண்டும், முடியாது. ஏன் முடியாது என்பதையும் எழுதினேன். மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் போகும். மூக்கை மட்டும் குறைத்தால் முகம் வேறாகிவிடும், ஓர் ஆள் தூரத்துக்கு அப்பால் நின்று எடுத்த படம் இருந்தால் தாருங்கள் என்றேன். அக்கா பழைய ஆல்பத்தில் தேடி ஒன்று அனுப்பினார். வேறு படம் என்பதால் புதிய வேலைக் கணக்கில் வரும் என்று அவரே சொல்லிப் பணமும் சேர்த்து அனுப்பினார். பெரியப்பாவை வேண்டாம் என்று விட்டுவிட்டார். மீதி எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடித்தேன்.

கடிதத்தை எடுத்துப் பயன்படுத்த நினைப்பவர்கள் தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரண்டு மூன்று ஆர்டரில் குறித்து வைத்துப் பார்த்துவிட்டுத் தொகையைப் போடுவது நல்லது. லேயர் பிரித்த ஃபைலை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று ஒரு வரி சேர்த்தாலும் நல்லது. நான் ஆறு மாதம் வைத்திருக்கிறேன், அதை இனிமேல்தான் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.